புரொடெக்டிவ் புட், கவர்ட் கால்: எக்ஸ்பயரி அன்று கையில் என்ன மிஞ்சும்?

பங்கு கையில் இருக்கிறது. விலை சரிந்துவிடுமோ என்ற பயத்தில், பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமையான ஒரு புட் வாங்கி வைத்தால் அது புரொடெக்டிவ் புட். அதே பங்கை வைத்துக்கொண்டு, அதைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையான ஒரு காலை இன்னொருவருக்கு விற்று, அதன் விலையான பிரீமியத்தை வாங்கினால் அது கவர்ட் கால். இரண்டையும் விளக்க ஒரு வரி போதும். ஆனால் "எந்த விலைக்கு மேலே எனக்கு லாபம்?" என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. போட்ட பணம் திரும்ப வரும் விலை எது என்பது ஒன்று. ஆப்ஷன் பக்கமே போகாமல் பங்கை மட்டும் வைத்திருந்ததைவிட நான் மேலா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை வெவ்வேறு விலைகள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் பிரித்துப் பிரித்தே பார்க்கப் போகிறோம்.

தேசியப் பங்குச் சந்தையில், அதாவது என்எஸ்இயில், பங்கு ஆப்ஷன்கள் நடக்கும் முறையையே எடுத்துக்கொள்கிறேன். எண்கள் மட்டும் கணக்குக்காக நான் வைத்தவை. பங்கின் இன்றைய விலை 1,000 ரூபாய். இன்றுதான் வாங்குகிறோம். ஒரு லாட் 500 பங்குகள். உரிமை முடியும் நாளான எக்ஸ்பயரிக்கு ஒரு மாதம் இருக்கிறது. ஸ்ட்ரைக் என்பது அந்தக் குறித்த விலை. 960 ஸ்ட்ரைக் புட் 18 ரூபாய்க்கும், 1,040 ஸ்ட்ரைக் கால் 22 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. எல்லாக் கணக்கையும் ஒரு பங்குக்குப் போடுவோம். கடைசியில் 500ஆல் பெருக்கினால் லாட்டின் கணக்கு வந்துவிடும்.

## முதல் படி: பேஆஃப் வேறு, லாபம் வேறு

எக்ஸ்பயரி அன்று கையில் இருப்பதை எல்லாம் பணமாக்கினால் எவ்வளவு வரும் என்பதுதான் பேஆஃப். அதில் ஆரம்பத்தில் போட்ட பணத்தின் பேச்சே கிடையாது. பிரீமியம் எவ்வளவு கொடுத்தோம், பங்கை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதெல்லாம் லாபக் கணக்கில்தான் வரும்.

960 புட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பயரி அன்று பங்கு 900இல் முடிந்தால் அந்தப் புட்டின் மதிப்பு 60 ரூபாய். அது பேஆஃப். நாம் 18 கொடுத்து வாங்கியதால் அந்தப் புட்டில் மட்டும் லாபம் 42. பங்கு 960க்கு மேலே எங்கே முடிந்தாலும் புட்டின் பேஆஃப் பூஜ்யம், நஷ்டம் 18.

கால் விற்றவருக்கு இதே கணக்கு தலைகீழ். 1,040 காலை விற்ற பிறகு பங்கு 1,100இல் முடிந்தால் பேஆஃப் கழித்தல் 60, ஏனென்றால் அந்த 60ஐ நாம்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே 22 வாங்கிவிட்டதால் காலில் மட்டும் நஷ்டம் 38. பங்கு 1,040க்குக் கீழே முடிந்தால் காலின் பேஆஃப் பூஜ்யம், வாங்கிய 22 முழுசாக நமக்கே.

இந்த இரண்டு அடுக்கையும் கலந்துவிடுவதால்தான், போட்ட பணம் திரும்ப வரும் விலையான பிரேக் ஈவன் தப்பாகிறது. புட்டுக்கு மட்டும் தனியாகப் போட்ட 942 என்ற பிரேக் ஈவனை, அதாவது 960இலிருந்து 18 கழித்ததை, மொத்த நிலைக்கும் பிரேக் ஈவன் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அப்படி இல்லை. ஆனால் அந்த 942க்கும் ஒரு வேலை இருக்கிறது, சற்று நேரத்தில் வரும்.

## இரண்டாம் படி: புரொடெக்டிவ் புட்

பங்குக்கு 1,000, புட்டுக்கு 18. மொத்தம் போட்ட பணம் 1,018. எக்ஸ்பயரி அன்று என்ன நடக்கும்?

| பங்கின் முடிவு விலை | புட்டின் மதிப்பு | மொத்த பேஆஃப் | லாபம் / நஷ்டம் |
|---|---|---|---|
| 800 | 160 | 960 | −58 |
| 900 | 60 | 960 | −58 |
| 960 | 0 | 960 | −58 |
| 1,000 | 0 | 1,000 | −18 |
| 1,018 | 0 | 1,018 | 0 |
| 1,100 | 0 | 1,100 | +82 |
| 1,200 | 0 | 1,200 | +182 |

மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். பேஆஃப் 960க்குக் கீழே போகவே இல்லை. பங்கின் விலை, ஸ்ட்ரைக் விலை இரண்டில் எது பெரியதோ அதுவே பேஆஃப். இதை மனதில் வைத்துக்கொண்டால் அட்டவணையே தேவையில்லை. அதிலிருந்து 1,018ஐக் கழித்தால் லாபம்.

அதிகபட்ச நஷ்டம் 58. ஒரு லாட்டுக்கு 29,000 ரூபாய். பங்கு 900க்குப் போனாலும் 500க்குப் போனாலும் அதற்கு மேல் இல்லை. இந்த 58 இரண்டு துண்டுகளால் ஆனது. வாங்கிய விலைக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள இடைவெளி 40, பிரீமியம் 18. மேலே லாபத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பிரேக் ஈவன் 1,018, அதாவது வாங்கிய விலையோடு பிரீமியத்தைக் கூட்டியது. ஸ்ட்ரைக் விலை இந்தக் கூட்டலில் நேரடியாக வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரடியாக வராவிட்டாலும் மறைமுகமாக வருகிறது. ஏனென்றால் ஸ்ட்ரைக்கை மாற்றினால் பிரீமியம் மாறும். 1,000 ஸ்ட்ரைக் புட் 33 ரூபாய் என்று வையுங்கள். அதிகபட்ச நஷ்டம் 33ஆகக் குறைகிறது, ஆனால் பிரேக் ஈவன் 1,033க்கு ஏறுகிறது. 920 ஸ்ட்ரைக் புட் 8 ரூபாய்க்குக் கிடைத்தால் பிரேக் ஈவன் 1,008 என்று சுலபமாகிவிடும், நஷ்டமோ 88 வரை போகலாம். பாதுகாப்பை இறுக்க இறுக்க பிரேக் ஈவன் எட்டப் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்கும் ஸ்ட்ரைக் கிடையாது. அப்படி ஒன்று தென்பட்டால் பழைய விலையையோ, வாங்க விற்க ஆளில்லாத ஸ்ட்ரைக்கையோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, இப்போது அந்த 942. பங்கை மட்டும் வைத்திருந்தவர் 1,000இல் வாங்கியவர். பங்கு 942இல் முடிந்தால் அவருக்கு நஷ்டம் 58. புட் வாங்கிய நமக்கும் நஷ்டம் 58. அதற்குக் கீழே எங்கே முடிந்தாலும் நாம் மேல். அதற்கு மேலே எங்கே முடிந்தாலும், 950 ஆனாலும் 1,200 ஆனாலும், வெறும் பங்கை வைத்திருந்தவர்தான் மேல். ஆக, 1,018 என்பது "எனக்கு லாபமா?" என்ற கேள்வியின் விடை. 942 என்பது "புட் வாங்கியதால் பலன் உண்டா?" என்ற கேள்வியின் விடை.

950இல் முடியும் மாதத்தை யோசித்துப் பாருங்கள். பங்கு விழுந்திருக்கிறது, நம் புட்டும் 10 ரூபாய் கொடுக்கிறது, ஆனாலும் வெறும் பங்குக்காரருக்கு நஷ்டம் 50, நமக்கு 58. விழுந்த மாதத்தில்கூட புட் வாங்கியவர் பின்தங்கலாம். மாதாமாதம் 18 கொடுத்துக்கொண்டே போனால் வருஷத்துக்கு 216 ரூபாய், பங்கின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் புரொடெக்டிவ் புட்டை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. காலாண்டு முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு போல ஒரு குறிப்பிட்ட நிகழ்வைக் கடக்கத்தான் அது பொருந்தும். அப்போதும் அந்த நிகழ்வை எதிர்பார்த்து பிரீமியம் ஏற்கெனவே ஏறியிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

## மூன்றாம் படி: கவர்ட் கால்

பங்குக்கு 1,000 கொடுத்தோம், கால் விற்று 22 வாங்கினோம். நிகரமாகப் போட்டது 978.

| பங்கின் முடிவு விலை | விற்ற காலின் பேஆஃப் | மொத்த பேஆஃப் | லாபம் / நஷ்டம் |
|---|---|---|---|
| 800 | 0 | 800 | −178 |
| 900 | 0 | 900 | −78 |
| 978 | 0 | 978 | 0 |
| 1,000 | 0 | 1,000 | +22 |
| 1,040 | 0 | 1,040 | +62 |
| 1,100 | −60 | 1,040 | +62 |
| 1,200 | −160 | 1,040 | +62 |

இங்கே பேஆஃப் 1,040ஐத் தாண்டவே இல்லை. பங்கின் விலை, ஸ்ட்ரைக் விலை இரண்டில் எது சிறியதோ அதுவே பேஆஃப். புரொடெக்டிவ் புட்டுக்குப் பெரியது, கவர்ட் காலுக்குச் சிறியது.

அதிகபட்ச லாபம் 62, லாட்டுக்கு 31,000 ரூபாய். பிரேக் ஈவன் 978, வாங்கிய விலையிலிருந்து பிரீமியத்தைக் கழித்தது. பங்கு அசையாமல் 1,000இலேயே நின்றாலும் 22 கிடைக்கிறது, 22 ரூபாய் வரை விழுந்தாலும் அசலுக்கு மோசமில்லை. இதைப் பார்த்துத்தான் பலர் கவர்ட் காலை "பத்திரமான மாத வருமானம்" என்கிறார்கள். அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. அட்டவணையின் முதல் வரியைப் பாருங்கள். பங்கு 800க்குப் போனால் நஷ்டம் 178. வெறும் பங்குக்காரருக்கு 200. பிரீமியம் தாங்கிப் பிடித்தது அந்த 22ஐ மட்டுமே, அதற்குக் கீழே ஒவ்வொரு ரூபாயும் நம்முடைய நஷ்டம்தான். பங்கு பூஜ்யமானால் 978உம் போச்சு.

படத்தாளில் இந்த லாபக் கோட்டை வரைந்தால் இன்னொன்று தெரியும். இடப்பக்கம் சாய்ந்து இறங்கி, 1,040க்குப் பிறகு படுத்துவிடும் அந்தக் கோடு, 1,040 ஸ்ட்ரைக் புட்டை விற்றவரின் கோட்டின் அதே வடிவம். அதே மாதிரி, புரொடெக்டிவ் புட்டின் கோடு 960 ஸ்ட்ரைக் காலை வாங்கியவரின் கோட்டின் வடிவம். இது தற்செயல் இல்லை. ஒரே ஸ்ட்ரைக்கில் பங்கும் புட்டும் சேர்ந்தது, காலும் ரொக்கமும் சேர்ந்ததற்குச் சமம் என்ற விதிதான் இது. வட்டி அளவுக்குச் சின்ன வித்தியாசம் இருக்கும், அவ்வளவே. அதனால் ஒருவர் "புட் விற்பது ஆபத்து, நான் கவர்ட் கால் மட்டும்தான் செய்வேன்" என்று சொன்னால், கீழ்ப்பக்க ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. கால் விற்றதால் பலன் உண்டா? ஸ்ட்ரைக்கோடு பிரீமியத்தைக் கூட்டுங்கள்: 1,062. பங்கு அந்த விலையில் முடிந்தால் வெறும் பங்குக்காரருக்கும் லாபம் 62, நமக்கும் 62. அதற்குக் கீழே எங்கே முடிந்தாலும் கால் விற்ற நாம் அவரைவிட மேல். அதற்கு மேலே போனால் அவர் முந்திக்கொண்டே போவார். 1,200இல் அவருக்கு 200, நமக்கு அதே 62.

இதில் மனம் செய்யும் ஒரு தந்திரம் உண்டு. பங்கு 1,050இல் முடிந்தால் "பங்கு பத்து ரூபாய் மேலே போய்விட்டதே, விட்டுவிட்டேனே" என்று வருத்தம் வரும். கணக்கோ வேறு மாதிரி சொல்கிறது. வெறும் பங்குக்காரருக்கு 50, நமக்கு 62. வருத்தம் 1,040இல் தொடங்குகிறது, உண்மையான இழப்பு 1,062இல்தான் தொடங்குகிறது. அந்த 22 ரூபாய் இடைவெளிக்குள் பதறிப்போய் விற்ற காலைத் திரும்ப வாங்குபவர்கள் பலர்.

## நான்காம் படி: கணக்கை ஒரு தாளில் போட்டு வைப்பது

எக்செல்லில் A2 கட்டத்திலிருந்து கீழே 800, 820, 840 என்று முடிவு விலைகளை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டங்களில் இந்த இரண்டு வரிகளை எழுதிக் கீழே வரை இழுத்தால் போதும். முதலாவது புரொடெக்டிவ் புட்டின் லாபம், இரண்டாவது கவர்ட் காலின் லாபம்.

```
=MAX(A2,960)-1000-18
=MIN(A2,1040)-1000+22
```

அவற்றுக்கு அடுத்த பத்தியில் வெறும் பங்கின் லாபமான `=A2-1000` என்பதையும் சேர்த்து மூன்று கோடுகளையும் ஒரே படமாக வரையுங்கள். ஒவ்வொரு கோடும் பூஜ்யத்தை வெட்டும் இடம் பிரேக் ஈவன். ஆப்ஷன் கோடு வெறும் பங்கின் கோட்டை வெட்டும் இடம் இரண்டாவது புள்ளி. புரோக்கர்களின் செயலிகளில் வரும் பேஆஃப் படங்கள் பொதுவாக முதல் புள்ளியை மட்டுமே காட்டும். இரண்டாவதை நாமே வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

## ஐந்தாம் படி: பழைய விலைக்கு வாங்கிய பங்கு

இதுவரை இன்றைக்கு 1,000க்கு வாங்கியதாக வைத்தோம். நிஜத்தில் பங்கு எப்போதோ வாங்கியதாக இருக்கும். அங்கேதான் பிரேக் ஈவன் கணக்கு சுவாரஸ்யமாகிறது, ஆபத்தாகவும் ஆகிறது.

700க்கு வாங்கியவர் இன்று 960 புட்டை 18க்கு வாங்குகிறார் என்று வையுங்கள். சூத்திரப்படி பிரேக் ஈவன் 718. ஆனால் பேஆஃப் 960க்குக் கீழே போகவே போகாதே. 718ஐ அது தொடவே தொடாது. இவருக்குப் பிரேக் ஈவன் என்று ஒன்று கிடையாது. மிக மோசமான நிலையிலும் 242 ரூபாய் லாபம் உறுதி. வாங்கிய விலையும் பிரீமியமும் சேர்ந்து ஸ்ட்ரைக்கைவிடக் குறைவாக இருந்தால் எப்போதும் இப்படித்தான். கிடைத்த லாபத்தைப் பூட்டி வைக்கப் புட்டைப் பயன்படுத்துவது என்பது இதைத்தான்.

மறுபக்கம் கசப்பானது. 1,300க்கு வாங்கி, பங்கு 1,000க்கு விழுந்த பிறகு, "சும்மா இருப்பதற்கு மாதாமாதம் பிரீமியமாவது வரட்டும்" என்று ஒருவர் 1,040 காலை 22க்கு விற்கிறார். பிரேக் ஈவன் 1,300 கழித்தல் 22, அதாவது 1,278 என்று எழுதி வைத்துக்கொள்கிறார். பேஆஃபோ 1,040ஐத் தாண்டாது. 1,278 எட்டவே முடியாத விலை. அவருடைய அதிகபட்ச லாபம் 1,040 கழித்தல் 1,278, அதாவது 238 ரூபாய் நஷ்டம். பங்கு ஒரே மாதத்தில் 1,300க்கே திரும்பினாலும் அவர் 238 நஷ்டத்தோடு வெளியே வருகிறார். பங்கு மீளும் என்ற நம்பிக்கையில்தான் அவர் விற்காமல் வைத்திருந்தார். அந்த மீட்சியைத்தான் 22 ரூபாய்க்கு விற்றுவிட்டார். விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு கூட்டல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்: ஸ்ட்ரைக்கும் பிரீமியமும் சேர்ந்து வாங்கிய விலையைத் தாண்டுகிறதா? இங்கே 1,062. தாண்டவில்லை என்றால், பங்கு எங்கே முடிந்தாலும் வாங்கிய விலையை வைத்துப் பார்க்கும்போது அது நஷ்டம்தான்.

அதற்காக அந்தக் கால் விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. பங்கு இனி மீளாது, 1,040க்குக் கிடைத்தால் தள்ளிவிடலாம் என்று முடிவெடுத்தவருக்கு அது நல்ல வழிதான். முடிவெடுக்கும்போது இன்றைய விலையான 1,000ஐ அடிப்படையாக வையுங்கள். கணக்கு முடித்து லாபநஷ்டம் பார்க்கும்போது வாங்கிய விலையை வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி பிரேக் ஈவன் வரும், இரண்டையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

## ஆறாம் படி: லாட்டும் கையிருப்பும் பொருந்துகிறதா?

என்எஸ்இயில் ஆப்ஷன் லாட் கணக்கில்தான். 500 பங்கு லாட்டுக்கு உங்களிடம் 400தான் இருக்கிறது என்றால் 100 பங்குக்குக் கவசம் இல்லாத கால் விற்றிருக்கிறீர்கள். பிரீமியம் மொத்தம் 11,000 ரூபாய். கீழே பிரேக் ஈவன் 972.50, ஏனென்றால் 11,000 பிரீமியம் 400 பங்குக்குப் பரவுகிறது. பார்க்க இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே என்ன ஆகிறது பாருங்கள். 1,040இல் லாபம் உச்சமாக 27,000. அதன் பிறகு கோடு படுக்காமல், பங்கு ஏறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 100 ரூபாய் என்று இறங்கத் தொடங்குகிறது. 270 ரூபாய் ஏறினால் பூஜ்யம். அதாவது 1,310இல் இரண்டாவது பிரேக் ஈவன், அதற்கு மேலே வரம்பில்லாத நஷ்டம். கவர்ட் காலுக்கு மேலே ஒரு பிரேக் ஈவன் முளைத்தால் அது கவர்ட் கால் இல்லை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

புட் பக்கம் இது இவ்வளவு மோசமில்லை. 600 பங்கு வைத்துக்கொண்டு ஒரு லாட் புட் வாங்கினால் 100 பங்கு திறந்து கிடக்கும், "அதிகபட்ச நஷ்டம்" என்று ஒரு தளம் இருக்காது.

## ஏழாம் படி: எக்ஸ்பயரி அன்று உண்மையில் நடப்பது

என்எஸ்இ பங்கு ஆப்ஷன்கள் 2011 முதல் ஐரோப்பிய வகை. எக்ஸ்பயரிக்கு முன்னால் யாரும் உரிமையைச் செயல்படுத்த முடியாது, சந்தையில் விற்று வெளியேறலாம். 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் பணமாகத் தீர்க்கும் முறை போய், பங்காகவே கொடுத்து வாங்கும் முறை வந்துவிட்டது. இன்டெக்ஸ் ஆப்ஷன்களில் இன்றும் பணம்தான்.

இதன் விளைவு நம் அட்டவணையில் தெரியாது. பங்கு 900இல் முடிந்தால் நம் 960 புட் தானாகவே செயல்படும். டீமேட்டில் இருக்கும் 500 பங்குகள் 960 விலைக்குப் போய், 4,80,000 ரூபாய் வரும். நஷ்டம் 58 என்ற கணக்கு சரிதான், ஆனால் பங்கு கையில் இல்லை. நீண்ட காலம் வைத்திருக்க நினைத்த பங்கென்றால், எக்ஸ்பயரிக்கு முன்பே அந்தப் புட்டைச் சந்தையில் விற்றுக் காசாக்கிவிட வேண்டும். பங்கை மார்ஜினுக்காக, அதாவது புரோக்கர் கேட்கும் பிணைத் தொகைக்காக, அடமானம் வைத்திருந்தால் நேரத்தோடு விடுவிக்க வேண்டும். கொடுக்க வேண்டிய நாளில் பங்கு டீமேட்டில் இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போகும், அந்த விலையும் அபராதமும் எல்லாப் பிரேக் ஈவன் கணக்கையும் கலைத்துவிடும்.

கவர்ட் காலிலும் அப்படியே. பங்கு 1,040க்கு மேல் முடிந்தால் நம் பங்குகள் 1,040க்குப் போய்விடும். பிரீமியத்தோடு சேர்த்து 1,062க்கு விற்றதாகக் கொள்ளலாம். கையில் பங்கு இருந்தாலும் விற்ற காலுக்கு மார்ஜின் கேட்பார்கள், அதுவும் விலை ஏறும்போது கூடும். எக்ஸ்பயரி வரை தாக்குப்பிடித்தால்தான் அட்டவணையின் 62 வரும். நடுவில் மார்ஜின் போதாமல் நிலையை மூட நேர்ந்தால் அந்த எண் பொருந்தாது.

இரண்டு அட்டவணையும் எக்ஸ்பயரி நாளுக்கு மட்டுமே உரியவை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தாவது நாளில் பங்கு 1,040ஐத் தொட்டால் லாபம் 62 என்று எதிர்பார்க்காதீர்கள். அப்போது அந்தக் காலின் விலை 35 ரூபாய் ஆகியிருக்கலாம். அப்படியென்றால் பங்கில் 40 லாபம், காலில் 13 நஷ்டம், மொத்தம் 27தான். மிச்சம் எக்ஸ்பயரி நெருங்க நெருங்கக் கரைந்து நம் பக்கம் வரும், பங்கு அங்கேயே நின்றால். புட்டில் இது நமக்குச் சாதகமாக வேலை செய்யும். பத்தாவது நாளில் பங்கு 960க்கு விழுந்தால் புட்டில் இன்னும் கால மதிப்பு இருக்கும், அதனால் அன்றைய நஷ்டம் 58ஐவிடக் குறைவாகவே இருக்கும்.

கடைசியாகச் செலவுகள். புரோக்கர் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி, ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து லாட்டுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் பங்குக்கு 3 ரூபாய். புட்டின் பிரேக் ஈவன் 1,018இலிருந்து 1,021க்கு நகரும், காலின் பிரேக் ஈவன் 978இலிருந்து 981க்கு நகரும். இரண்டுமே மேல் நோக்கித்தான். உங்கள் உண்மையான செலவை கான்ட்ராக்ட் நோட்டிலிருந்து எடுத்து, பங்கு எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். ஈவுத்தொகை வந்தால் அது பங்கு வைத்திருக்கும் நமக்கே, அந்த அளவுக்குப் பிரேக் ஈவன் இறங்கும். வருமான வரி இதில் சேராது. இந்தியாவில் பங்கின் லாபம் மூலதன ஆதாயம், ஆப்ஷனின் லாபநஷ்டம் தொழில் வருமானம் என்று வேறு வேறு தலைப்பில் போகின்றன. அதனால் வரிக்குப் பிந்தைய பிரேக் ஈவன் ஆளுக்கு ஆள் மாறும், அதைத் தணிக்கையாளரோடு உட்கார்ந்துதான் போட வேண்டும்.